முதல் வரியில் அவர்களுடைய வேலை தெரிய வேண்டும்

"கோவையில் சின்ன சாப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறேன். திருப்பூரில் ஆர்கானிக் கார்மெண்ட் செய்யும் எக்ஸ்போர்ட்டர்களுக்கு டிசி, அதாவது ஒவ்வொரு விற்பனைக்கும் சரக்கு ஆர்கானிக்தான் என்று வாங்கும் டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் வேலையை எளிதாக்கும் சாப்ட்வேர் எங்களுடையது. முன்பின் தெரியாத முந்நூறு பேருக்கு மெயில் போட்டேன், இரண்டு பதில்தான் வந்தது. 'உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி எங்களை வியக்க வைக்கிறது' என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆராய்ந்து எழுது என்கிறார்கள். எதை ஆராய்வது, அதை முதல் வரியில் எப்படிக் கொண்டு வருவதுங்க?"

முதலில் அந்த மெயில் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். நான் திருப்பூரில் ஐந்து வருடம் எக்ஸ்போர்ட் டாகுமெண்டேஷன் பார்த்தவன், அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக அதே எக்ஸ்போர்ட்டர்களுக்கு விற்பவன். இந்த மாதிரி மெயில்களை வாங்கியும் இருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன். காலை பத்து மணிக்குள் அந்த மேசையில் நாற்பது, ஐம்பது மெயில் நிற்கும். பையர் ஆபீஸ், ஷிப்பிங் ஏஜெண்ட், பேங்க், நூல் மில் என்று எல்லாம் அவசரம். போனில் தெரிவது அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதற்குக் கீழே உங்கள் மெயிலின் முதல் ஏழெட்டுச் சொற்கள். "உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி எங்களை" என்கிற இடத்திலேயே கட்டைவிரல் அதைத் தள்ளிவிடும். கோபத்தில் செய்வதில்லை. அந்த வாக்கியம் விற்க வந்த ஆளின் குரல் என்று கைக்குப் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வளர்ச்சியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? அவர்களுடைய வெப்சைட்டின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில். அதை எழுதியது பெரும்பாலும் வெப்சைட் செய்துகொடுத்த பையன். பக்கத்துக் கம்பெனியின் பக்கத்திலிருந்து எடுத்துப் பெயரை மாற்றியிருப்பான். ஓனர் அதை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்க மாட்டார். அந்தப் பக்கத்தைப் பாராட்டினால் அந்தப் பையனைத்தான் பாராட்டுகிறீர்கள்.

ஆராய்ச்சி தெரிகிற முதல் வரிக்கு நான் வைத்திருக்கும் சோதனை இரண்டுதான். கம்பெனி பெயரை அழித்துவிட்டு இன்னொரு கம்பெனி பெயரைப் போட்டாலும் அந்த வரி பொருந்துகிறதா? பொருந்தினால் அது ஆராய்ச்சி இல்லை. அடுத்து, அந்த வரியையே எடுத்துவிட்டால் மீதி மெயில் குறையில்லாமல் நிற்கிறதா? நின்றால் அது வெறும் அலங்காரம். இந்த இரண்டாவது சோதனையில்தான் பலர் விழுகிறார்கள். "போன மாதம் உங்கள் கம்பெனிக்கு ஏற்றுமதி விருது கிடைத்ததைப் பார்த்தேன், வாழ்த்துகள். எங்கள் சாப்ட்வேர்..." என்று எழுதுவார்கள். விருது உண்மை, அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியது, முதல் சோதனையில் தேறிவிடும். ஆனால் விருதுக்கும் சாப்ட்வேருக்கும் நடுவில் பாலம் இல்லை. படிப்பவருக்கு அது உடனே தெரியும். ஒரு தகவலைத் தேடிப் பிடித்து முன்னால் ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும், அதுவும் முகஸ்துதிதான் என்றாகிவிடும்.

ஆகவே தேட வேண்டியது தகவலை மட்டும் இல்லை. அந்தத் தகவல் அவர்கள் மேசையில் என்ன வேலையை உண்டாக்குகிறது என்பதைத் தேட வேண்டும். இதற்கு நீங்கள் விற்கும் பொருளைச் சுற்றியுள்ள வேலை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். டிசி உங்கள் தொழில் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஆர்கானிக் துணிக்கான உலகத் தரமான ஜிஓடிஎஸ் சான்று பெற்ற ஒரு டீஷர்ட் வெளிநாட்டுக்குப் போகிறது என்றால், பஞ்சு ஜின்னிங்கிலிருந்து தொடங்கி, சரக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குச் சொந்தமாகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டிசி வேண்டும். ஜின்னிங் மில் நூல் மில்லுக்குக் கொடுக்கும், நூல் மில் எக்ஸ்போர்ட்டருக்குக் கொடுக்கும், எக்ஸ்போர்ட்டர் பையருக்குக் கொடுப்பார். நடுவில் ஜாப்வொர்க்குக்குப் போகும் நிட்டிங், டையிங் யூனிட்டுகளுக்குச் சரக்கு சொந்தமாவதில்லை, அதனால் அங்கே டிசி கிடையாது. ஆனால் அந்த யூனிட்டுகள் சான்றுக்குள் அடங்கியிருக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டர் டிசிக்கு விண்ணப்பிக்கும்போது இன்வாய்ஸ், போக்குவரத்து ஆவணம், நூல் வந்த டிசி எல்லாம் வைத்து, வந்த நூல் கிலோவும் போன துணி கிலோவும் கழிவோடு பொருந்துகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். 2020 அக்டோபரில் இந்தியப் பஞ்சில் சுமார் 20,000 டன் போலி டிசியோடு ஆர்கானிக் என்று சொல்லி நுழைந்திருக்கிறது என்று ஜிஓடிஎஸ் அமைப்பே வெளியிட்டு, 11 நிறுவனங்களைத் தடை செய்தது. இப்படிப்பட்ட அனுபவம் இருக்கும்போது சான்று கொடுப்பவர்கள் ஒவ்வொரு கிலோவையும் துருவிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஒரு கிலோ இடித்தாலும் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். டிசி வராதவரை பணத்தைப் பிடித்து வைக்கும் பையர்களும் உண்டு.

இது தெரிந்தவர் ஒரு கம்பெனியைப் பார்த்தால் எங்கே வலிக்கும் என்பது தானாகத் தெரியும். எத்தனை நூல் மில்லில் வாங்குகிறார்கள், எத்தனை ஜாப்வொர்க் யூனிட் இருக்கிறது, எத்தனை பையர், இந்த வேலைக்கு எத்தனை ஆள். இந்த நான்குக்கும் வெளியே தடயம் கிடைக்கும்.

எங்கே என்று சொல்கிறேன். முதலாவது, ஜிஓடிஎஸ் அமைப்பின் global-standard.org தளத்தில் சான்று பெற்ற கம்பெனிகளைத் தேடும் வசதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கம்பெனி பெயர் போட்டால் எந்த எந்த வேலைக்குச் சான்று, எந்தப் பொருளுக்கு, யார் கொடுத்தது என்று வரும். ஸ்கோப் சர்டிபிகேட் எனப்படும் இந்தக் கம்பெனிச் சான்று பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான். பல எக்ஸ்போர்ட்டர்கள் தங்கள் வெப்சைட்டிலேயே அதன் பிடிஎப் போட்டு வைத்திருப்பார்கள். அதன் பின்பக்கங்களில் யூனிட்டுகளின் பட்டியல் இருக்கும். எல்லோரும் முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஓப்பன் சப்ளை ஹப். உலகம் முழுக்க இருக்கும் தொழிற்சாலைகளை வரைபடத்தில் போட்டு, எந்த பிராண்டு தன் சப்ளையர் பட்டியலில் அவர்களைக் காட்டியிருக்கிறது என்றும் சொல்லும் இலவசத் தளம். எச் அண்ட் எம் போன்றவர்கள் 2013 முதலே சப்ளையர் பட்டியலை வெளியிடுகிறார்கள், அந்த வகைப் பட்டியல்கள் இங்கே சேரும். ஒரு ஜெர்மன் பிராண்டின் பெயர் வந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டு. ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து மூவாயிரம் ஆள் உள்ள கம்பெனிகளுக்கும், 2024 முதல் ஆயிரம் ஆள் உள்ளவற்றுக்கும் வந்தது. அங்கிருந்து இங்கே கேள்விப் பட்டியல்கள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரம். நாக்ரி, லிங்க்ட்இன், உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்கள். இதைப்போல உண்மை பேசும் ஆவணம் வேறில்லை என்பது என் எண்ணம். வெப்சைட்டில் பெருமை எழுதுவார்கள், விளம்பரத்தில் தேவையைத்தான் எழுத முடியும். "டிசி அப்ளிகேஷன் அனுபவம் அவசியம்" என்று ஒரு வரி இருந்தால் அது உங்களுக்குப் பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம்.

நான்காவது ஒன்றைப் பலரும் தொடுவதில்லை. பேங்க் கடன் வாங்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்கு கிரிசில், இக்ரா, கேர் போன்ற ரேட்டிங் நிறுவனங்கள் மதிப்பீடு கொடுக்கும்போது அதற்கான காரணத்தை இரண்டு மூன்று பக்கமாகத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. ரேஷனேல் என்பார்கள். புதிய யூனிட் போடுகிறார்களா, ஒரே பையரை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள், பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று அதில் இருக்கும். தேடுவது இப்படி:

```
"கம்பெனியின் முழுப்பெயர்" rating rationale Tiruppur
```

பெயரை மட்டும் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விதத்திலேயே போடுங்கள். ஒரு எச்சரிக்கை. தலைப்பில் Issuer Not Cooperating என்று இருந்தால் கம்பெனி விவரம் கொடுக்காததால் கிடைத்ததை வைத்து எழுதியது என்று பொருள். அதிலுள்ள எண்கள் பழையதாக இருக்கும், அதை மெயிலில் தொடவே தொடாதீர்கள். அந்தத் தலைப்பே அவர்களுக்குச் சங்கடம். பொதுவாகவே ரேஷனேலில் படித்த பண விவரம் எதையும் மெயிலில் எழுதக்கூடாது. அது நீங்கள் புரிந்துகொள்வதற்கு, அவர்களுக்குச் சொல்லிக்காட்டுவதற்கு இல்லை.

இப்போது ஒரு கம்பெனியை எடுத்துச் செய்து பார்ப்போம். மாதிரிக்காக நானே அமைத்தது, ஆனால் திருப்பூரில் இப்படி நூறு இருக்கும். தேடியதில் நான்கு விஷயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழின் பின்பக்கத்தில் நிட்டிங்கும் டையிங்கும் சேர்த்து ஆறு ஜாப்வொர்க் யூனிட். சப்ளை ஹப்பில் மூன்று ஐரோப்பிய பிராண்டுகளின் பட்டியலில் பெயர். ரேஷனேலில் அவிநாசி பக்கம் இருநூறு மெஷினோடு புதிய யூனிட். நாக்ரியில் நான்கு மாதத்தில் இரண்டு முறை டாகுமெண்டேஷன் எக்ஸிகியூட்டிவ் தேடிய விளம்பரம், இரண்டிலும் டிசி அனுபவம் கேட்டிருக்கிறார்கள்.

பழக்கத்தில் கை முதலில் எழுதுவது இதுதான்: "அவிநாசியில் புதிய யூனிட் தொடங்குவதை அறிந்து மகிழ்ச்சி." தகவல் சரி, ஆனால் இது வியக்க வைக்கும் வளர்ச்சியின் தம்பி. அவர்களுக்கு உங்கள் மகிழ்ச்சி எதற்கு? தவிர அது பேங்க் ஆவணத்தில் வந்தது, ஊருக்குச் சொன்ன செய்தி இல்லை.

அடுத்து எழுதுவது: "நீங்கள் ஜிஓடிஎஸ் சான்று பெற்று மூன்று ஐரோப்பிய பிராண்டுகளுக்கு ஏற்றுமதி செய்வதைக் கவனித்தேன்." இது அவர்களைப் பற்றி அவர்களுக்கே சொல்வது. படிப்பவர் மனதில் "ஆமா, அதுக்கென்ன?" என்று நிற்கும். ஆராய்ச்சி செய்தேன் என்று காட்டவேண்டும் என்ற ஆசையில் எழுதும் வரிகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

இப்போது வேலையைப் பாருங்கள். ஆறு ஜாப்வொர்க் யூனிட் என்றால் ஒரே லாட் நூல் ஆறு இடத்துக்குப் பிரிந்து போய்த் திரும்புகிறது, ஒவ்வொன்றிலும் கழிவு வேறு. அதை நூல் வந்த டிசியின் பேலன்ஸில், அதாவது அதில் மீதமுள்ள கிலோவில், கழித்து வைக்கும் கணக்கு ஒருவர் தலையில், பெரும்பாலும் அவருடைய எக்செலில் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு இரண்டு முறை ஆள் தேடியிருக்கிறார்கள். அப்படியானால்:

"உங்கள் சான்றிதழில் ஆறு ஜாப்வொர்க் யூனிட் பார்த்தேன். ஒரு நூல் லாட் இரண்டு டையிங்குக்குப் பிரிந்தால் டிசி பேலன்ஸை யூனிட் வாரியாகக் கழிக்கிறீர்களா, கடைசியில் மொத்தமாகவா?"

இந்த வரியை டாகுமெண்டேஷன் பார்ப்பவர் படித்தால் நிமிர்வார். ஏனென்றால் நேற்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. இதில் பாராட்டு ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் மரியாதை இருக்கிறது. அவருடைய வேலை கஷ்டமானது என்று தெரிந்தவன் கேட்கிறான் என்பதுதான் அந்த மரியாதை.

ஆள் தேடும் விளம்பரத்தை நான் ஏன் விட்டேன்? கிடைத்ததில் வலுவான தடயம் அதுதான், ஆனால் அதை எப்படிப் படிப்பது என்பது உறுதியில்லை. ஆள் நிற்காமல் போய்விட்டதால் இரண்டாவது விளம்பரமா, வேலை கூடியதால் இரண்டாவது ஆளா? முதலாவது என்றால் "உங்களிடம் ஆள் தங்குவதில்லை போலிருக்கிறது" என்று நான் சொன்னதாகிவிடும். தகவலாக எழுதுவது பொதுவில் இருப்பது, யாரும் சரிபார்க்கக்கூடியது. ஊகமாக வைத்திருப்பதைக் கேள்வியாக்கிவிட வேண்டும். தேவைப்பட்டால் இப்படி எழுதலாம்: "டிசி வேலைக்கு ஆள் தேடும் உங்கள் விளம்பரம் பார்த்தேன். புதிதாக வருபவர் பழைய லாட்டுகளின் பேலன்ஸை எங்கிருந்து எடுப்பார்?" இதில் ஏன் ஆள் போனார் என்ற பேச்சே இல்லை, இரண்டு காரணத்துக்கும் பொருந்துகிறது.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே தகவலின் முகம் மாற வேண்டும். மேலே எழுதியது டாகுமெண்டேஷன் மேனேஜருக்கு. அதையே ஓனருக்கு அனுப்பினால், "நம்ம மேனேஜர்கிட்ட கேக்கறதை எங்கிட்ட கேக்கறான்" என்று தள்ளிவிடுவார். அவருக்கு பேலன்ஸ் கழிக்கும் முறை தெரிய வேண்டியதில்லை, பணம் எப்போது வரும் என்பதுதான் தெரிய வேண்டும். ஆகவே அவருக்கு: "உங்கள் மூன்று பிராண்டுகளில் டிசி கையில் வந்த பிறகுதான் பேமெண்ட் என்று சொல்பவர்கள் எத்தனை பேர்? ஆறு ஜாப்வொர்க் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு டிசி திரும்பி வருவது பெரும்பாலும் கிலோ கணக்கில்தான்." இரண்டாவது வாக்கியம் உங்கள் அனுபவம், அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நீங்கள் பத்துப் பேருக்காவது டிசி செய்துகொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

முழு மெயில் எவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். முதல் வரிக்குப் பிறகு மூன்று வாக்கியம் போதும். டாகுமெண்டேஷன் மேனேஜருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் சான்றிதழில் ஆறு ஜாப்வொர்க் யூனிட் பார்த்தேன். ஒரு நூல் லாட் இரண்டு டையிங்குக்குப் பிரிந்தால் டிசி பேலன்ஸை யூனிட் வாரியாகக் கழிக்கிறீர்களா, கடைசியில் மொத்தமாகவா? யூனிட் வாரியாகக் கழிக்க நாங்கள் ஒரு சாப்ட்வேர் செய்திருக்கிறோம், டெலிவரி சலான் போடும்போதே கணக்கு இறங்கிவிடும். உங்களுடைய பழைய லாட் ஒன்றை எக்செலில் அனுப்பினால் அதையே போட்டுக் காட்டுகிறேன். எக்செலே போதும் என்றால் அதையும் சொல்லுங்கள், தொந்தரவு செய்ய மாட்டேன்."

முதல் வரியில் கேட்ட கேள்வியின் பதில்தான் நீங்கள் விற்கும் பொருள். முதல் வரியை எடுத்துப்பாருங்கள், மீதி அந்தரத்தில் நிற்கும். இதைத்தான் இரண்டாவது சோதனை என்றேன். உங்கள் மெயில்கள் ஆங்கிலத்தில் போனாலும் இதே அடுக்குதான். திருப்பூரில் தமிழில் எழுதினால் தப்பாக நினைப்பவர் குறைவு என்பது என் அனுபவம்.

ஒரே வரியில் ஒரே தகவல். சான்று, பிராண்டு, விளம்பரம், புதிய யூனிட் நான்கையும் அடுக்கினால் ஆராய்ச்சி தெரியாது, பின்னால் ஆள் நடந்து வருகிற மாதிரி இருக்கும். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று பதில் வந்தால் நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதேபோல ஓனரின் பேஸ்புக்கில் கிடைப்பது, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், பையன் கல்யாணம், இவற்றைத் தொடவே கூடாது. கம்பெனி தன் தொழிலுக்காகப் பொதுவில் வைத்தது வேறு, வீட்டு மனிதர் தன் சொந்தக்காரர்களுக்காகப் போட்டது வேறு. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதும் அப்படித்தான். "திருமுருகன்பூண்டி நிட் பேரில் உங்கள் ஸ்டாலுக்கு வந்திருந்தேன்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். போனில் பேசும்போது, "அந்த முறை நாங்க ஸ்டாலே போடலீங்களே" என்று வந்தால் அங்கேயே முடிந்தது. சின்ன ஊர், நாளைக்கு இன்னொரு எக்ஸ்போர்ட்டரிடமும் அந்தப் பேச்சு போகும்.

நான் நன்றாக அடி வாங்கியது பெயரில். திருப்பூரில் ஒரே பெயருக்குப் பின்னால் ஒன்றில் எக்ஸ்போர்ட்ஸ், இன்னொன்றில் கார்மெண்ட்ஸ், மூன்றாவதில் நிட்ஸ் என்று இருக்கும். சாமி பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ஒரு கம்பெனியின் சான்று விவரத்தை வைத்து மிகக் கவனமாக ஒரு முதல் வரி எழுதி அனுப்பினேன். மதியம் ஓனரே கூப்பிட்டார். சந்தோஷமாக எடுத்தேன். "தம்பி, நீங்க பாத்த சர்டிபிகேட் எங்க அண்ணன் கம்பெனியோடதுங்க. நாங்க பிரிஞ்சு எட்டு வருசமாச்சு" என்றார். கோபப்படவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். ஒரு பாகப்பிரிவினையை நான் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்காமல் எழுதுவதில்லை. அது பதினைந்து எழுத்து, முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். வெப்சைட்டின் அடியிலோ காண்டாக்ட் பக்கத்திலோ ஜிஎஸ்டி எண் இருக்கும், ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டால் சட்டப்படியான பெயர் வரும். அந்தப் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும், கூடவே கதவு எண்வரை முகவரியும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கம்பெனிகளின் நடுப் பத்து எழுத்து வேறு வேறு என்றால் ஊரும் தெருவும் ஒன்றாக இருந்தாலும் அவை தனித்தனி. இரண்டு நிமிட வேலை.

தேதியையும் பாருங்கள். போன வருடத்துச் சான்றிதழ் பிடிஎப் இன்னும் வெப்சைட்டில் தொங்கும், இந்த வருடம் இரண்டு யூனிட்டை எடுத்திருப்பார்கள். வெப்சைட்டில் கிடைத்ததை ஜிஓடிஎஸ் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். தளத்தில் காலாவதி தெரிந்தால் "உங்கள் சான்று முடிந்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கலாம், அது அவர்களுக்கு ஏற்கெனவே தூக்கம் கெடுக்கும் விஷயம்.

எவ்வளவு நேரம் செலவழிப்பது? ஒரு கம்பெனிக்கு நான் பதினைந்து நிமிடம் வைக்கிறேன். சான்றுக்கு ஐந்து, விளம்பரத்துக்கு ஐந்து, மீதி மற்றதற்கு. அதற்குள் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இல்லாத ஆராய்ச்சியை இருப்பதாகக் காட்ட வேண்டாம். "ஜாப்வொர்க்கில் டையிங் செய்து டிசி போடுகிற எக்ஸ்போர்ட்டர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் அப்படி இல்லை என்றால் இதை அழித்துவிடலாம்" என்று வெளிப்படையாக ஆரம்பியுங்கள். போலிப் பாராட்டைவிட இது பல மடங்கு நன்றாகப் போகிறது. யாருக்கானது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவதால் சம்பந்தப்பட்டவர் நின்று படிக்கிறார்.

முந்நூறு பேருக்கு இந்த வேலையைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. திருப்பூரில் உங்கள் சாப்ட்வேர் உண்மையில் தேவைப்படுகிற கம்பெனிகளாக நாற்பதைப் பொறுக்குங்கள். ஜாப்வொர்க் நான்குக்கு மேல், பையர் இரண்டுக்கு மேல் என்று ஒரு வரம்பு வைத்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். ஸ்பாம் என்று அழுத்துபவர்களும் குறைவார்கள். ஒரே நாளில் ஐயாயிரம் மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பவில்லை, ஆனாலும் முந்நூறு பேரில் பத்துப் பேர் ஸ்பாம் என்று அழுத்தினால் அடுத்த மெயில்கள் யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

வரும் பதில்களை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். "வேண்டாம், நன்றி" என்பது ஒரு வகை. "யூனிட் வாரியாவும் இல்லீங்க, மொத்தமாவும் இல்லீங்க, நாங்க லாட்டையே பிரிக்கறதில்லை" என்று திருத்தி வருவது இன்னொரு வகை. எனக்குக் கிடைத்த நல்ல வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இப்படித் திருத்தித்தான் பேச ஆரம்பித்தார்கள். வேலை தெரிந்த மனிதருக்கு, அரைகுறையாகப் புரிந்துகொண்டவனைத் திருத்தாமல் இருக்க முடியாது. ஆனால் அது ஊகம் பிசகினால் மட்டும்தான் நடக்கும். தகவலே பிசகியிருந்தால், ஆறு யூனிட் என்று எழுதியது உண்மையில் அண்ணன் கம்பெனியுடையது என்றால், பதிலே வராது. ஆகவே பத்து மெயிலில் ஒரு திருத்தம்கூட வரவில்லை என்றால் நீங்கள் எடுத்த தகவலைத் திரும்பப் போய்ச் சரிபாருங்கள்.

பதில் வராதவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாவது மெயில் போடலாம், ஒரே ஒரு முறை. அங்கேயும் முதல் வரிதான் விஷயம். "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா" என்று தொடங்கினால் கேட்டதையே திருப்பிக் கேட்கிறீர்கள். முதல் மெயிலில் பயன்படுத்தாமல் வைத்த தகவல் இருக்கிறதே, அதை இப்போது எடுங்கள். நம் மாதிரிக் கம்பெனிக்கு அது பிராண்டு பட்டியல்: "நீங்கள் ஒரு ஜெர்மன் பிராண்டின் சப்ளையர் பட்டியலில் இருக்கிறீர்கள். அவர்கள் அனுப்பும் கேள்விப் பட்டியலில் நூல் எந்த மில்லில் வாங்கியது என்று கேட்கும் இடத்துக்கு டிசி எண்ணையே கொடுக்கிறீர்களா?"

மேலே சொன்ன ஜெர்மன் சட்டம் தெரியாதவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.